சீகை வெட்டிய நிலமும் ஒரு முன்னுரையும்: இடைவெளியை எங்கே காட்டுவது, பங்களிப்பை எவ்வளவு சொல்வது

கேள்வி: வணக்கம் சார். ஊட்டியில் பிஎச்.டி. செய்கிறேன். குந்தா பக்கம் சீகை என்னும் வாட்டில் மரம் வெட்டி ஆறு வருஷம் ஆன நிலம், வெட்டாத சீகைக் காடு, இயற்கைப் புல்வெளி ஆகிய மூன்றிலும் மண்ணுக்குள் நீர் இறங்கும் வேகத்தையும் மண் ஈரத்தையும் ஒரு வருஷம் அளந்தேன். வகைக்கு மூன்று இடம், இடத்துக்கு எட்டுப் புள்ளி. “இடைவெளி தெளிவாக இல்லை, பங்களிப்பு மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது” என்று ரிவ்யூவர் மேஜர் ரிவிஷன் கொடுத்திருக்கிறார். முன்னுரையின் கடைசிப் பத்தி இது: “நீலகிரியில் அந்நிய மரங்களுக்கும் நீருக்கும் உள்ள தொடர்பு பற்றிய ஆய்வுகள் மிகக் குறைவு. ஆகவே இந்த ஆய்வு, சீகையை அகற்றினால் நீலகிரி ஓடைகள் மீளும் என்பதை முதன்முறையாக நிரூபிக்கிறது.” இதை எப்படி மாற்றுவது?

பதில்:

முன்னுரைக் கோப்பைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். ஒரு வெற்றுத் தாளில், உங்கள் தரவு எந்தக் கேள்விக்கு விடை சொல்லும் என்று ஒரே வாக்கியம் எழுதுங்கள். எங்கே, எதோடு எதை ஒப்பிட்டு, எதை அளந்து, எவ்வளவு காலம் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். உங்களுக்கு அது ஏறக்குறைய இப்படி வரும்: “குந்தா பகுதியில் சீகை வெட்டி ஆறு ஆண்டு ஆன நிலத்தின் மண், மழைநீரை உள்வாங்குவதிலும் ஈரத்தைத் தக்கவைப்பதிலும் புல்வெளி மண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, சீகைக் காட்டு மண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறதா?” இந்த வாக்கியத்தில் ஓடை என்ற சொல்லே வரவில்லை. நீங்கள் ஓடையை அளக்கவில்லை என்பதால் வர வழியும் இல்லை. ஆனால் உங்கள் கடைசிப் பத்தி ஓடை மீள்வதைப் பற்றிப் பேசுகிறது. ரிவ்யூவரின் இரண்டு குறைகளும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

அடுத்தது “ஆய்வுகள் மிகக் குறைவு” என்பது. இந்தத் துறையில் நீலகிரியைப் பற்றி இப்படி எழுதுவது ஆபத்து. உதகையிலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளென்மார்கனில் நடத்திய இணை நீர்ப்பிடிப்பு ஆய்வு இந்தியாவில் இவ்வகையில் மிகவும் எடுத்தாளப்படும் வேலைகளில் ஒன்று. பக்கத்துப் பக்கத்தில் ஏறக்குறைய 32 ஹெக்டேர் அளவுள்ள இரண்டு நீர்ப்பிடிப்புகளை 1968 முதல் அளந்தார்கள். 1972இல் ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, மற்றதில் 59 சதவீதப் பரப்பில் யூக்கலிப்டஸ் எனப்படும் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியில் மொத்த நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய கட்டையிலிருந்து துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுழற்சியில் 25.4 சதவீதம் குறைந்தது. நீலகிரி நீரியல் தெரிந்த எந்த ரிவ்யூவரும் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் உங்கள் கட்டுரையைத் திறப்பார். “மிகக் குறைவு” என்று படித்ததும், தேடாமலே எழுதியிருக்கிறார் என்று முடிவு கட்டிவிடுவார். அதன்பின் நீங்கள் சொல்லும் சரியான விஷயத்தையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

ஆகவே முதல் வேலை தேடல். இதில் பலரும் தவறவிடுவது பழைய பெயர்களை. நம் மலையில் சீகை என்று பொதுவாகச் சொல்லும் மரங்களில் கறுப்பு வாட்டில் இன்று ஒரு பெயரில் இருக்கிறது. பழைய இந்திய வனவியல் கட்டுரைகளிலோ வேறு இரண்டு பெயர்களில் வரும். ஊரின் பெயரும் அப்படித்தான். தேடல் பெட்டியில் இப்படிக் கொடுங்கள்:

```
("Acacia mearnsii" OR "Acacia mollissima"
 OR "Acacia decurrens" OR wattle)
AND (infiltration OR "soil moisture"
 OR streamflow OR "water yield")
AND (Nilgiri* OR Ootacamund OR Ooty
 OR Udhagamandalam OR Palni OR Kodaikanal)
```

இதை ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு மூன்றாவது அடைப்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் `(removal OR clearing OR clearfelling)` போட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள். முதல் தேடல் “இந்த மலையில் என்ன தெரியும்” என்பதைச் சொல்லும். இரண்டாவது “அகற்றினால் என்ன ஆகும் என்று உலகில் வேறெங்காவது தெரியுமா” என்பதைச் சொல்லும். இரண்டாவதில் தென்னாப்பிரிக்காவின் கட்டுரைகள் நிறைய வரும். அங்கே நீருக்காகவே அந்நிய மரங்களை அகற்றும் அரசுத் திட்டம் 1995 முதல் நடக்கிறது. ஆய்வேடுகளும் நிறுவன அறிக்கைகளும் இந்தத் தேடல்களில் சரியாக அகப்படாது. உதகை மையத்தின் நூலகத்திலும் ஆய்வேட்டுக் களஞ்சியமான ஷோத்கங்காவிலும் தனியாகப் பாருங்கள்.

கிடைத்தவற்றில் உங்கள் வேலைக்கு மிக நெருங்கிய எட்டு முதல் பன்னிரண்டு கட்டுரைகளை ஓர் அட்டவணையில் போடுங்கள். இடம், மரம், நட்டதா அகற்றியதா, அளந்தது என்ன, எத்தனை ஆண்டு, கண்டது என்ன என்று ஆறு நெடுவரிசைகள் போதும். கடைசி வரியில் உங்கள் ஆய்வை எழுதுங்கள். மேலே உள்ள வரிகளிலிருந்து உங்கள் வரி எந்தெந்த நெடுவரிசையில் மாறுபடுகிறது என்று பாருங்கள். கிளென்மார்கனோடு வைத்துப் பார்த்தால் மூன்று வேறுபாடு தெரியும். அங்கே கற்பூரம், இங்கே சீகை. அங்கே நட்டார்கள், இங்கே அகற்றியிருக்கிறார்கள். அங்கே நீர்ப்பிடிப்பிலிருந்து வெளியேறும் நீரை அளந்தார்கள், இங்கே மண்ணை.

இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். வேறுபாடு இருந்தாலே இடைவெளி என்று நினைத்து, “இதுவரை சீகையில் யாரும் செய்யவில்லை” என்று எழுதிவிடுகிறார்கள். யாரும் செய்யாதது ஆயிரம் இருக்கும். செய்யத் தேவையில்லாததால்கூடச் செய்யாமல் விட்டிருக்கலாம். ஏற்கெனவே தெரிந்ததை வைத்து உங்கள் கேள்விக்கு விடை சொல்ல முடியாது என்று காட்டினால்தான் அது இடைவெளி. ஒவ்வொரு வேறுபாட்டையும் இந்தக் கேள்வியில் நிறுத்திப் பாருங்கள்: பழைய முடிவை அப்படியே இங்கே பொருத்தினால் எங்கே தவறிப்போகும்?

மர இனம் வேறு என்பது தனியாக நிற்காது. இரண்டும் ஆண்டு முழுக்க இலையோடு நிற்பவை, வேகமாக வளர்பவை. சீகையும் தண்ணீரைக் குடிக்கும் என்று யாரும் ஊகித்துவிடுவார்கள். நட்டதற்கும் அகற்றியதற்கும் உள்ள வேறுபாடு கனமானது. நட்டபோது குறைந்த நீர், வெட்டினால் அதே அளவில் திரும்பிவிடும் என்று சொல்ல முடியாது. வெட்டிய மரத்தைச் சரிவில் இழுத்து வரும்போது மேல்மண் இறுகுகிறது. சீகை விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடந்து, மரம் வெட்டி நிலம் கிளறப்பட்டதும் கூட்டமாக முளைக்கிறது. சீகை நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் மரம் என்பதால், வெட்டிய இடத்தில் பழைய புல்லே திரும்பும் என்ற உறுதியும் இல்லை. இவை வெட்டிய நிலத்துக்கே உரிய காரணங்கள். நட்ட நிலத்தை அளந்து இவற்றைத் தெரிந்துகொள்ள முடியாது.

எனக்கு எல்லாவற்றிலும் வலுவாகப் படுவது மூன்றாவது வேறுபாடுதான். உங்கள் வரைவு அதைத் தொடவே இல்லை. மரத்தை அகற்றியபின் ஓடையில் நீர் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மரம் உறிஞ்சாமல் விட்ட நீர் அது என்றும் சொல்லலாம். மண் மழையை நன்றாக உள்வாங்கி மெதுவாக விடுகிறது என்றும் சொல்லலாம். மண் இறுகிப் போய் மழை மேலாகவே வழிந்து ஓடினாலும் மொத்தக் கணக்கு கூடித்தான் காட்டும். முதல் இரண்டிலும் நல்லது நடக்கிறது. மூன்றாவதில் மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் வறட்சியும் வரும். ஆண்டு மொத்த நீர்வரத்தை மட்டும் வைத்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. மண்ணுக்குள் நீர் இறங்கும் வேகத்தை அளந்தால், மூன்றாவது நடக்க வாய்ப்பு உண்டா என்றாவது தெரியும். உங்கள் ஆய்வு ஏன் தேவை என்பதற்கான காரணம் இதுதான். உங்கள் கையில் இருந்தும் முன்னுரையில் இல்லை.

இப்போது பத்தியைத் திருப்பி எழுதலாம். கட்டுரை ஆங்கிலத்தில்தான் போகும் என்றாலும், வாதம் நிற்கிறதா என்று பார்க்க இங்கே தமிழிலேயே தருகிறேன்:

“நீலகிரிப் புல்வெளியில் கற்பூர மரம் நட்டால் நீர்வரத்து குறைகிறது என்பது கிளென்மார்கன் இணை நீர்ப்பிடிப்பு ஆய்வில் தெரியவந்தது, குறைவு முதல் சுழற்சியில் 16 சதவீதம், இரண்டாம் சுழற்சியில் 25.4 சதவீதம். தென்னாப்பிரிக்காவில் அந்நிய மரங்களை அகற்றியபின் ஓடை நீர் கூடியதாகப் பதிவுகள் உள்ளன. இவை நீர்ப்பிடிப்பிலிருந்து வெளியேறும் நீரை அளந்தவை. அகற்றிய நிலத்தின் மண் மழையை உள்வாங்கும் திறனைத் திரும்பப் பெறுகிறதா என்பதற்கு இவற்றில் விடை இல்லை. மரம் இழுத்ததில் இறுகிய மேல்மண்ணும் மீண்டும் முளைக்கும் சீகையும் அத்திறனைத் தடுக்கக்கூடும். அப்படித் தடுத்தால், மரத்தை அகற்றுவதால் கூடும் நீர் மேல்வழிந்தோடும் வெள்ளமாகவே போகலாம்.”

தெரிந்ததை எண்ணோடு சொல்லி, அது எதை அளந்தது என்று காட்டி, அதனால் எது தெரியாமல் போகிறது, தெரியாமல் போனால் என்ன கெடும் என்று இந்தப் பத்தி படிப்படியாக இறங்குகிறது. “ஆனால்” என்று தொடங்கி முந்தைய ஆய்வாளர்களைக் குறை சொல்லும் வாக்கியம் எதுவும் இதில் இல்லை. கிளென்மார்கன்காரர்கள் தங்கள் கேள்விக்குச் சரியாகவே விடை கண்டார்கள். உங்கள் கேள்வி வேறு, அவ்வளவுதான். தென்னாப்பிரிக்க வாக்கியத்தில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். எந்த மரம், ஓடைக்கரையா மேட்டு நிலமா என்பது கட்டுரைக்குக் கட்டுரை மாறும். நீங்கள் முழுதாகப் படித்த இரண்டு மூன்றை மட்டும் மேற்கோள் காட்டி, அவற்றின் நிலவகையை இரண்டு சொல்லில் சேர்த்துவிடுங்கள். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டினால் தவறு பெரும்பாலும் இப்படிப்பட்ட வாக்கியத்தில்தான் நுழையும்.

பங்களிப்புப் பத்திக்கு வருவோம். “நிரூபிக்கிறது” போக வேண்டும். அது ஏன் போக வேண்டும் என்பதை உங்கள் களத்திட்டமே சொல்கிறது. வெட்டுவதற்கு முன் அந்த நிலத்தை யாரும் அளக்கவில்லை. இன்று பக்கத்தில் நிற்கும் சீகைக் காட்டை “வெட்டாமல் விட்டிருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும்” என்று எடுத்துக்கொள்கிறீர்கள். இந்தத் துறையில் இது வழக்கமான, ஏற்கத்தக்க முறைதான். ஆனால் மூன்று வகை நிலமும் முதலிலிருந்தே ஒரே மாதிரி இருந்தன என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. வெட்டுவதற்கு வசதியான, சாலைக்குப் பக்கத்தில் உள்ள, சரிவு குறைந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து வெட்டியிருந்தால், நீங்கள் காணும் வேறுபாட்டில் ஒரு பங்கு சரிவால் வந்ததாக இருக்கும். ஒன்பது இடங்களின் சரிவு, திசை, மண் ஆழம் மூன்றையும் முதல் அட்டவணையிலேயே போட்டுவிடுங்கள். ரிவ்யூவர் கேட்பதற்கு முன் விடை இருக்கும்.

எண்ணிக்கையையும் பாருங்கள். 72 புள்ளிகளில் அளந்திருக்கிறீர்கள், ஆனால் இடங்கள் ஒன்பதுதான், வகைக்கு மூன்று. ஒரே சீகைக் காட்டுக்குள் எட்டுப் புள்ளியில் நீர் இறங்கும் வேகத்தை அளக்கும் வளையம் பதித்தால் அந்தக் காட்டைப் பற்றி நன்றாகத் தெரியும். சீகைக் காடுகளைப் பற்றி எட்டு மடங்கு தெரிந்துவிடாது. இதைப் போலிப் பிரதி என்று புள்ளியியலில் 1984 முதலே எச்சரித்து வருகிறார்கள். பகுப்பாய்வில் இடத்தைத் தனி அடுக்காக வைத்திருக்கிறீர்களா என்று சரிபாருங்கள். வைக்காமல் 72 என்று கணக்கிட்டிருந்தால், முன்னுரையை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அதோடு, ஒரு வகையின் மூன்று இடங்களும் ஒரே சரிவில் தொட்டுக்கொண்டு இருந்தால், அவை மூன்றா ஒன்றா என்ற கேள்வி வரும். இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைச் செய்முறைப் பகுதியில் எழுதிவிடுங்கள்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், கோரக்கூடியது இவ்வளவு:

“குந்தா பகுதியில் சீகை அகற்றி ஆறு ஆண்டு ஆன மூன்று இடங்களின் நீர் உள்வாங்கும் வேகத்தையும் மேல்மண் ஈரத்தையும், நிற்கும் சீகைக் காட்டோடும் இயற்கைப் புல்வெளியோடும் ஓர் ஆண்டு ஒப்பிட்டோம். அகற்றிய நிலத்தின் மண் எந்த நிலைக்கு நெருங்கியிருக்கிறது என்பதையும், அந்த நிலை மழைக்காலத்துக்கும் வறண்ட மாதங்களுக்கும் நடுவே மாறுகிறதா என்பதையும் இக்கட்டுரை காட்டுகிறது. ஓடை நீரை இங்கு அளக்கவில்லை. இந்த மதிப்புகள் ஓடை நீரை மதிப்பிடும் மாதிரிகளுக்கு உள்ளீடாகப் பயன்படும்.”

வினைச்சொற்களைக் கவனியுங்கள். “ஒப்பிட்டோம்”, “காட்டுகிறது” இரண்டும் உங்கள் தரவு தாங்கும் சொற்கள். “விளைவிக்கிறது”, “மீட்கிறது” என்பவை காரணத்தைச் சொல்பவை. வெட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்து, வெட்டாத நிலத்தையும் கூடவே அளந்திருந்தால்தான் அவற்றை எழுதலாம். இடத்தின் பெயரிலும் இதே அளவு வேண்டும். குந்தாவின் மூன்று இடத்தை “நீலகிரி” என்று எழுதும்போது கோத்தகிரிச் சரிவும் அதில் சேர்ந்துவிடுகிறது. அங்கே வடகிழக்குப் பருவமழையின் பங்கு பெரிது, குந்தாவில் தென்மேற்குதான் கொட்டுகிறது. மழை வேறானால் உள்வாங்கலின் பொருளும் வேறு. பழனி மலைக்கும் பொருந்தும் என்று எழுதவே எழுதாதீர்கள். விவாதப் பகுதியில் வேண்டுமானால் அதை ஒரு கேள்வியாக வையுங்கள்.

“முதன்முறையாக” என்ற சொல்லை எடுத்துவிடுங்கள் என்பது என் கருத்து. வைத்தே ஆக வேண்டும் என்று கைடு வற்புறுத்தினால், எந்தத் தரவுத்தளத்தில், எந்தத் தேதி வரை, எந்தச் சொற்களால் தேடினீர்கள் என்பதைச் செய்முறையில் எழுதி, “எங்கள் தேடலில் இத்தகைய அளவீடு கிடைக்கவில்லை” என்ற அளவில் நிறுத்துங்கள். பழைய அறிக்கை ஒன்று பின்னால் வெளிவந்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது.

மறுபக்கத்துக்கும் போய்விடாதீர்கள். ரிவ்யூவர் கண்டித்ததும், “இது ஓர் எளிய முயற்சி”, “பல குறைகள் உண்டு” என்று முன்னுரையிலேயே பணிந்து எழுதுபவர்கள் உண்டு. அதுவும் தவறான அளவுதான். வெட்டிய நிலத்தில் மண் அளவீடு என்பது வனத்துறையின் அகற்றும் வேலைக்கு நேராகப் பயன்படக்கூடியது. அதைத் தயங்காமல் ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். முன்னுரையில் வரம்பைச் சொல்ல ஓடை பற்றிய அந்த ஒரு தொடர் போதும். சரிவு, எண்ணிக்கை, ஓராண்டுக் காலம் எல்லாம் விவாதப் பகுதிக்குரியவை.

முன்னுரையின் தொடக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக: மேற்குத் தொடர்ச்சி மலையின் உயிர்ப்பன்மை, 1986இல் உயிர்க்கோளக் காப்பகம், 2012இல் உலகப் பாரம்பரியம் என்று முக்கால் பக்கம் ஓடியிருந்தால் இரண்டு வாக்கியமாகக் குறையுங்கள். கட்டுரை முன்னுரைகளை ஆராய்ந்த ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் சொன்ன மூன்று நகர்வில், களத்தைக் காட்டுவது முதலாவது, அதில் காலியிடத்தைக் காட்டுவது இரண்டாவது, அங்கே நம் ஆய்வை வைப்பது மூன்றாவது. உங்களுக்கு முதலாவது உயிர்ப்பன்மை அல்ல, நீர். முதல் வாக்கியமே புல்வெளியும் மரமும் மழைநீரும் பற்றியதாக இருந்தால், இடைவெளி இரண்டாம் பத்தியிலேயே வந்துவிடும். மொத்தம் 500 முதல் 600 சொல் போதும்.

திருத்தி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். இடைவெளிப் பத்தியில் உள்ள ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அடிக்கோடிட்டு, அதற்கு விடை சொல்லும் படத்தின் அல்லது அட்டவணையின் எண்ணை ஓரத்தில் எழுதுங்கள். உள்வாங்கும் திறனுக்கு ஒரு படம் இருக்கும். மேல்மண் இறுக்கத்துக்கு? மண்ணின் பருமஅடர்த்தியை அளந்திருந்தால் எண் போடலாம். அளக்கவில்லை என்றால் “தடுக்கக்கூடும்” என்ற சாத்தியமாகவே இருக்கட்டும், உங்கள் நோக்கங்களில் அது வரக்கூடாது. மறுமுளைச் சீகைக்கும் இதே கேள்விதான்: இடத்துக்கு எத்தனை நாற்று என்று எண்ணினீர்களா? பிறகு தலைப்பு, சுருக்கம், முடிவுரை மூன்றிலும் “ஓடை”, “மீட்பு”, “நிரூபி” என்ற சொற்களைத் தேடுங்கள். முன்னுரையில் திருத்திவிட்டுச் சுருக்கத்தில் பழைய வாக்கியத்தை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. ரிவ்யூவர் இரண்டாம் முறை முதலில் படிப்பது சுருக்கத்தைத்தான்.

பதில் கடிதத்தில் “திருத்திவிட்டோம், நன்றி” என்று மட்டும் எழுதாதீர்கள். அவருடைய இரண்டு குறிப்புகளையும் தனித்தனியாக வைத்து, பழைய வாக்கியம், புதிய வாக்கியம், வரி எண் மூன்றையும் கொடுங்கள். கிளென்மார்கன் முடிவுகளை இப்போது சேர்த்திருக்கிறோம், அவை விடை சொல்லாத கேள்வி இன்னது என்று இரண்டே வரி எழுதுங்கள். ஓடை பற்றிய கோரிக்கையை நீக்கிவிட்டோம், காரணம் வெளியேறும் நீரை அளக்கவில்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.